காலி மூட்டையை எண்ணுங்கள்

வீடு கட்டும் எவருக்கும் தளம் போடும் நாள் முக்கியமான நாள். காலையில் மிக்சர் மெஷின் ஓட ஆரம்பித்தால் மாலைக்குள் முடிய வேண்டும். நடுவில் சிமென்ட் தீர்ந்தாலும் சிக்கல், ஜல்லி தீர்ந்தாலும் சிக்கல். "அம்பது மூட்டை வாங்கி வைங்க சார், போதும்" என்று மேஸ்திரி சொல்வார். பொறியாளர் தாளில் 57 என்று எழுதியிருப்பார். இரண்டில் எது சரி என்று பார்க்கப் பொறியியல் படிப்பு தேவையில்லை. ஒரு பெருக்கலும் ஒரு வகுத்தலும் தெரிந்தால் போதும்.

30 அடி நீளம், 20 அடி அகலம், 5 அங்குலக் கனம் உள்ள ஒரு தளத்தை எடுத்துக்கொள்வோம். பரப்பு 600 சதுர அடி. 5 அங்குலம் என்பது ஓர் அடியில் பன்னிரண்டில் ஐந்து பங்கு. ஆகவே தேவைப்படும் கான்கிரீட் 250 கன அடி. தளத்துக்குக் கீழே தொங்கும் பீம்கள் இதில் இல்லை. அவற்றைத் தனியாக அளந்து கூட்டிக்கொள்ள வேண்டும்.

கலவை விகிதம் 1:1.5:3. ஒரு பங்கு சிமென்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு முக்கால் இஞ்சு ஜல்லி. எம்20 தரத்துக்குச் சின்னக் கட்டடங்களில் வழக்கமாகச் சொல்லப்படும் விகிதம் இதுதான். மொத்தம் ஐந்தரைப் பங்கு. அப்படியானால் 250-ஐ 5.5-ஆல் வகுத்தால் சிமென்டின் அளவு வந்துவிடுமா? 45 கன அடி வரும். ஒரு மூட்டை சுமார் ஒன்றேகால் கன அடி என்பதால் 37 மூட்டை. இந்தக் கணக்கை நம்பி 37 மூட்டை இறக்கி வைத்தவருக்கு, தளத்தில் மூன்றில் இரண்டு பங்கு முடியும்போதே சிமென்ட் காலியாகிவிடும். கடைக்கு ஆள் ஓடி, வண்டி வந்து சேர்வதற்குள் போட்ட கான்கிரீட் இறுக ஆரம்பிக்கும். பழையதும் புதியதும் சரியாக ஒட்டாத அந்தக் கோட்டில்தான் பின்னாளில் மழைத்தண்ணீர் கசியும்.

கணக்கில் விட்டுப்போனது ஜல்லிக்கு நடுவே இருக்கும் காலி இடம். 10 லிட்டர் வாளி நிறைய ஜல்லியை நிரப்பி, மேலே தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வாளி வழிவதற்குள் நாலு லிட்டருக்கு மேல் உள்ளே போய்விடும். வாளியில் அவ்வளவும் காற்றாக இருந்த இடம். கான்கிரீட்டில் அந்த இடத்துக்குள் மணல் புகுகிறது; மணலின் இடுக்கில் சிமென்ட் பாலும் தண்ணீரும் புகுகின்றன. அதனால்தான் தனித்தனியாக அளந்து கொட்டியபோது பெரிதாகத் தெரிந்த குவியல், கலந்து அதிர்வு கொடுத்ததும் சுருங்கிவிடுகிறது. ஒரு கன அடி கெட்டியான கான்கிரீட் கிடைக்க, உலர்ந்த நிலையில் ஏறக்குறைய ஒன்றரைக் கன அடிப் பொருள் வேண்டும். பொறியாளர்கள் இதற்கு 1.54 என்ற பெருக்கு எண்ணை வைத்திருக்கிறார்கள். சிலர் 1.52, சிலர் 1.57 என்பார்கள். விலை மதிப்பீட்டில் பெரிய வித்தியாசம் வராது.

இப்போது கணக்கு சரியாக வருகிறது. 250-ஐ 1.54-ஆல் பெருக்கினால் உலர் கொள்ளளவு 385 கன அடி. அதை 5.5-ஆல் வகுத்தால் ஒரு பங்கு 70 கன அடி. சிமென்ட் 70, மணல் 105, ஜல்லி 210. ஒரு கன மீட்டர் சிமென்டின் எடை 1440 கிலோ என்று வைப்பதால், 50 கிலோ மூட்டை 34.7 லிட்டர், அதாவது 1.226 கன அடி. 70-ஐ அதால் வகுத்தால் 57 மூட்டை. மணலும் ஜல்லியும் நம் ஊரில் யூனிட் கணக்கில் வருபவை. ஒரு யூனிட் 100 கன அடி. ஆக மணல் ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல், ஜல்லி இரண்டு யூனிட்டுக்குச் சற்று மேல். பொறியாளர் தாளில் இருந்த 57 இப்படித்தான் வந்தது.

ஆனால் 1.54 என்பது விதி அல்ல, ஒரு கைப்பழக்க எண். அது எவ்வளவு தூரம் சரி என்று எடையை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். ஒரு மூட்டை சிமென்டுக்கு மணல் ஏறக்குறைய 84 கிலோ, ஜல்லி 158 கிலோ, தண்ணீர் 25 லிட்டர் சேர்கிறது. ஒவ்வொன்றும் இடைவெளி இல்லாமல் அடைக்கும் இடத்தை மட்டும் கூட்டினால், சிக்கிக்கொள்ளும் சிறிது காற்றையும் சேர்த்து, 133 லிட்டர் வருகிறது. அதாவது 4.7 கன அடி. 1.54 கணக்குப்படி ஒரு மூட்டைக்குக் கிடைப்பதோ 4.4 கன அடிதான். இந்த வித்தியாசம் பலகை இடுக்கில் ஒழுகுவதற்கும் சட்டியிலிருந்து சிந்துவதற்கும் விட்டுவைத்த இடம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆகவே நம் தளத்துக்கு 53-லிருந்து 57 மூட்டை வரை இறங்கினால் யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை.

45 மூட்டையில் முடிந்தால்? அங்கேதான் இந்தக் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். அதே 385 கன அடியை 1:2:4 விகிதத்துக்கு, அதாவது ஏழு பங்குக்கு, வகுத்துப் பாருங்கள். ஒரு பங்கு 55 கன அடி, 45 மூட்டை. காலிச் சாக்கு 45 இருந்தால், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் உங்கள் தளத்தில் இறங்கியிருப்பது 1:2:4, அதாவது எம்15 கலவை. கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு எம்20-க்குக் குறையக் கூடாது என்பது இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456.

முடிந்த பிறகு எண்ணி என்ன பயன் என்று கேட்கலாம். வேலை நடக்கும்போதே பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரு மூட்டைக்கு 4.4 கன அடி என்றால், 5 அங்குலக் கனத்தில் அது பத்தரைச் சதுர அடியை மூடும். 20 மூட்டை 210 சதுர அடி. நம் தளம் 20 அடி அகலம்; எனவே 20 மூட்டை முடிந்ததும் கான்கிரீட் நீளவாட்டில் பத்தரை அடியிலிருந்து பதினோரேகால் அடிக்குள் நிற்க வேண்டும். டேப்பைப் பிடித்துப் பாருங்கள். 13 அடியைத் தாண்டியிருந்தால் கலவை இளைத்திருக்கிறது, இல்லையென்றால் கனம் குறைந்திருக்கிறது. எது என்று தெரிய, ஈரக் கான்கிரீட்டில் ஒரு கம்பியைப் பலகை தட்டும்வரை குத்தி, நனைந்த நீளத்தை அளந்தால் போதும். நாலைந்து இடத்தில் குத்திப் பாருங்கள். நாலரை அங்குலம்தான் இருக்கிறது என்றால், விகிதம் சரியாக இருந்தும் 51 மூட்டையில் வேலை முடிந்துவிடும். சென்ட்ரிங் பலகை தொய்ந்து ஐந்தரை ஆகியிருந்தால் 63 வரை போகும். அதனால் மூட்டை எண்ணிக்கையைக் கனம் பார்க்காமல் படிக்கக் கூடாது. பீம் இருக்கும் பகுதியில் அந்தப் பீமின் கன அளவையும் கழித்துக்கொள்ள வேண்டும்.

பெரும்பாலும் ஏமாற்று நடப்பதில்லை; அளவுதான் நழுவுகிறது. "மூட்டைக்கு ஆறு சட்டி மணல், பன்னிரண்டு சட்டி ஜல்லி" என்பார்கள். சட்டி ஒவ்வொன்றும் ஓர் அளவு. சித்தாள் கோபுரமாக அள்ளுகிறாரா, தட்டிச் சமமாக அள்ளுகிறாரா என்பதைப் பொறுத்தும் மாறும். ஒரு சுலபமான ஏற்பாடு உண்டு. உள்ளளவு 12 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 15 அங்குல உயரத்தில் பலகையால் ஒரு பெட்டி அடித்தால் அது ஒன்றேகால் கன அடி. ஒரு மூட்டைச் சிமென்டுக்குக் கிட்டத்தட்டச் சமம். தளத்தில் புழங்கும் சட்டி எத்தனை போட்டால் பெட்டி நிரம்புகிறது என்று காலையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நாலு சட்டி பிடித்தால் மூட்டைக்கு ஆறு சட்டி மணல், பன்னிரண்டு சட்டி ஜல்லி என்று மேஸ்திரி சொன்னது அப்படியே சரி. மூன்றே சட்டியில் நிரம்பினால் நாலரையும் ஒன்பதும்தான் போட வேண்டும். ஆறும் பன்னிரண்டும் போட்டால் அது 1:2:4 ஆகிவிடுகிறது.

இதில் மணல் ஒரு வம்பு செய்யும். ஈரமான மணல் உப்பும். மணித்துகள்களைச் சுற்றிப் படியும் தண்ணீர்ப் படலம் அவற்றை விலக்கி நிறுத்துவதால், ஐந்து சதவீத ஈரத்திலேயே கால் பங்கு அளவு கூடிவிடலாம். எம்-சாண்டும் இதற்கு விலக்கல்ல. ஜல்லிக்கு இந்தக் குணம் கிடையாது. எவ்வளவு உப்பியிருக்கிறது என்று பார்க்க, நேர்ப்பக்கமுள்ள கண்ணாடிப் பாட்டிலில் மணலை 20 சென்டிமீட்டர் உயரத்துக்குப் போட்டு, அது மூழ்கும்வரை தண்ணீர் விட்டு, கம்பியால் நன்றாகக் குத்தித் தணிய விடுங்கள். மட்டம் 16-க்கு இறங்கினால் 4 சென்டிமீட்டர் உப்பல். 16-இல் கால் பங்கு. அப்படியானால் ஆறு சட்டி மணலுக்குப் பதில் ஏழரைச் சட்டி போட வேண்டும். 105 கன அடி வாங்க வேண்டிய இடத்தில் 131 வாங்க வேண்டும். லாரி யூனிட்டுக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பங்கு அந்தப் படலத்துக்கும் காற்றுக்கும் போகிறது.

உப்பலைக் கணக்கில் எடுக்காவிட்டால் மணல் குறைந்து, கலவை கரடாகி, பலகை பிரித்த பிறகு அடியில் தேன்கூடு மாதிரி ஓட்டைகள் தெரியும். அதோடு கலவையின் மொத்த அளவும் ஐந்து சதவீதம் குறைவதால் மூட்டை கூடுதலாகச் செலவாகும். எண்ணிக்கை 57-ஐத் தாண்டினால் நல்ல கலவை என்று மகிழாமல், மணலையும் கனத்தையும் பாருங்கள்.

இந்தக் கணக்கு சொல்லாத ஒன்று தண்ணீர். 57 மூட்டையும் சரியாக இறங்கிய தளத்தைக்கூட ஒரு ஹோஸ் பைப் கெடுத்துவிடும். எம்20-க்கு மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் போகக் கூடாது என்கிறது ஐ.எஸ். 456. அந்த 30-இல் மணலின் ஈரமும் அடக்கம். ஐந்து சதவீத ஈரமுள்ள மணல், மூட்டைக்கு நாலு லிட்டரைத் தானே கொண்டுவருகிறது. ஆகவே மெஷினில் ஊற்றுவது 26 லிட்டருக்குள் நிற்க வேண்டும்.

எம்20-க்கு மேற்பட்ட தரங்களுக்கு விகிதத்தைச் சொல்லிக் கலப்பது செல்லாது. அங்கே ஆய்வுக்கூடத்தில் வடிவமைத்த கலவை, எடைபோட்டுத்தான் வரும். ரெடிமிக்ஸ் வாங்குபவர்களும் 1.54-ஐத் தொட வேண்டாம். அது கலந்தே வருவதால் 250 கன அடிக்கு 7.1 கன மீட்டர் என்று, சேதாரத்துக்குக் கொஞ்சம் சேர்த்துச் சொன்னால் போதும்.

தளத்தில் கலப்பவர்கள் விகிதத்தையும் கனத்தையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வேலை முடிந்த அன்று காலிச் சாக்குகளை எடைக்குப் போட விடாமல், எண்ணிப் பார்த்த பிறகு அனுப்புங்கள்.