0.3 கிராம் என்பது 30 கிராம் ஆனால்

2015-ல் இங்கிலாந்தின் நார்தம்ப்ரியா பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு பரிசோதனையைப் பற்றிப் படித்ததிலிருந்து, "காபிதானே, காஃபின்தானே, ரெண்டும் ஒண்ணுதானே" என்று யாராவது சொன்னால் நான் சும்மா இருப்பதில்லை.

உடற்பயிற்சியில் காஃபின் என்ன செய்கிறது என்று பார்க்க, இரண்டு மாணவர்களுக்குத் தலா 0.3 கிராம் தர வேண்டும். சுமார் மூன்று கப் காபியில் இருக்கும் அளவு. அங்கே முன்பு மாத்திரையாகத் தந்தார்கள், அந்தத் தடவை பொடி. கணக்கை செல்போனில் போட்டபோது தசமப்புள்ளி இடம் மாறியது. ஆளுக்கு 30 கிராம் உள்ளே போய்விட்டது.

இதே அளவைக் காபியாகக் குடிக்கணும்னா முந்நூறு கப். கப்புக்கு 150 மில்லி என்றால் 45 லிட்டர், அதாவது மூன்று குடம்! எந்த வயிறும் அதற்கு இடம் தராது. நாலாவது கப்பிலேயே கை நடுங்கும், படபடக்கும், நாமே நிறுத்திவிடுவோம். காபியில் இருக்கும் தண்ணீர்தான் நம் காவல்காரன். பொடியில் அந்தக் காவல் இல்லை. உடம்பு எச்சரிக்கும் முன்பே முழு அளவும் விழுங்கியாகிவிட்டது. உச்சத்தை எட்ட அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும்.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளுக்கு 400 மில்லிகிராம் வரை பரவாயில்லை என்கிறது. சுமார் 1,200 மில்லிகிராமை வேகமாக உட்கொண்டால் வலிப்பு போன்ற நச்சு விளைவுகள் வரலாம். தூய பொடியில் அது அரை டீஸ்பூனுக்கும் குறைவு. சரி, எடை போட்டால்? வீட்டு சமையல் தராசு பெரும்பாலும் ஒரு கிராம் படியில்தான் காட்டும். 200 மில்லிகிராம் வைத்தால் பூஜ்யம்தான் தெரியும். "என்னடா இது, ஒண்ணும் காட்டலையே" என்று இன்னும் கொஞ்சம் கொட்டுவோம். முள் அசையும்போது கணக்கு தப்பியிருக்கும்.

மாத்திரை ஓரளவு தேவலாம், எண்ண முடியுமே. ஆனால் 200 மில்லிகிராம் மாத்திரை ஆறு என்றால் அதே 1,200 வந்துவிடும். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி, "இன்னும் ஏறலையே" என்று அரை மணிக்கொரு தரம் போடுகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார். பாதி காஃபின் வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். முதல் மாத்திரை போவதற்குள் மற்றவை மேலே ஏறி நிற்கும்.

நிற்காத வாந்தி, தாறுமாறான இதயத்துடிப்பு, குழப்பம், வலிப்பு வந்தால் தூங்கினால் சரியாகும் என்று படுக்கக்கூடாது, உடனே ஆஸ்பத்திரி. எவ்வளவு, எப்போது எடுத்தார் என்பதையும் டப்பாவையும் கொண்டுபோக வேண்டும்.

அந்த இரண்டு மாணவர்களையும் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்து, டயாலிசிஸ் செய்து காப்பாற்றினார்கள். 2017-ல் நீதிமன்றம் பல்கலைக்கழகத்துக்கு விதித்த அபராதம் 4 லட்சம் பவுண்டு.