ரேக்கு எந்த ரகம்?

'ஒரு நாள் தஞ்சாவூர் ஓவியப் பயிற்சி. பொருள் கட்டணம் தனி. இடங்கள் குறைவு. செய்ததை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம்.' படத்துக்குக் கீழே இப்படி நான்கு வரி போட்டுவிட்டால், மறுநாளே நடத்துபவரின் போன் ஓயாது. தங்கம் அசலா? பலகை யார் தருவது? படம் முடிந்துவிடுமா?

பொருள் கட்டணத்தை நிர்ணயிப்பது தங்க ரேக்குதான். பலகை, துணி, மக்குக்கான சாக்பொடி, பசை, ஜெய்ப்பூர் கற்கள் எல்லாம் சேர்ந்தாலும் பெரிய செலவில்லை. அசல் 22 காரட் ரேக்கைக் குறிப்பிட்டால் விலை சட்டென்று ஏறும். போலி ரேக்கும் புதிதில் பளபளக்கும்; பக்கத்தில் வைத்துப் பார்க்காதவருக்கு வித்தியாசம் தெரியாது. நாளடைவில் போலி கறுத்துவிடும், அசல் அப்படியே இருக்கும். பழக்கத்துக்குப் போலி போதும், அதில் தப்பேதும் இல்லை. எது என்று எழுதாமல் விடுவதுதான் தப்பு.

இட எண்ணிக்கைக்கு மேசையைவிட ஆசிரியரின் கண்தான் கணக்கு. மக்கால் மேடாக்கிய கோலத்தின் மேல் ரேக்கை ஒட்டி, ஓரங்களை மழுங்கிய குச்சியால் அழுத்தும்போது மேடுபள்ளம் துலங்க வேண்டும். பசை அதிகமானால் ரேக்கு வழுக்கும், குறைந்தால் ஓரம் பெயரும், வேகமாக அழுத்தினால் கிழியும். அந்த நேரத்தில் ஒவ்வொருவர் அருகிலும் ஆசிரியர் நிற்க வேண்டும். ஒருவரே நடத்தினால் எட்டுப் பேருக்கு மேல் சேர்ப்பது, என் பார்வையில், ஒப்புக்கு நடத்துவது. மின்விசிறியையும் நிறுத்தியாக வேண்டும். சித்திரை மாதத்தில் நடத்துபவர்கள் இதையும் ஒரு வரி சொல்லிவிடுவது நல்லது!

வீட்டுக்கு எதை எடுத்துப் போவார்கள் என்பதில்தான் மனக்கசப்பு அதிகம். மக்கு காய ஒரு பொழுதாவது வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தாலோ தடிப்பாகப் பூசினாலோ வெடிக்கும். ஆகவே ஒரே நாளில் முழுப் படமும் என்றால், மக்கு வேலை முடிந்த பலகையைத்தான் கையில் தருவார்கள். அதை முன்னரே சொல்லிவிட்டால் யாரும் ஏமாந்ததாக நினைக்கமாட்டார்கள்.

மேலே உள்ள நான்கு வரியையே திருத்தினால் இப்படி வரும் (தொகைகள் மாதிரிக்கு மட்டும்):

'ஒரு நாள் தஞ்சாவூர் ஓவியப் பயிற்சி, 8 பேருக்கு மட்டும். பயிற்சிக் கட்டணம் ரூ.1,000. பொருள் கட்டணம் போலி ரேக்குடன் ரூ.800, 22 காரட் ரேக்கு வேண்டுவோருக்கு அன்றைய விலைப்படி. மக்கு வேலை முடிந்த 8க்கு 10 அங்குலப் பலகை தரப்படும். கல் பதித்து, ரேக்கு ஒட்டி, வண்ணம் தீட்டிய படத்தை எடுத்துச் செல்லலாம். சட்டம் சேராது.'

பலகைகளை முன்கூட்டியே தயாரிப்பதால், கடைசி நேரத்தில் வராமல் போனால் பொருள் கட்டணம் திரும்பக் கிடைக்குமா என்ற வரி மட்டும் இதில் இன்னும் பாக்கி.