'டிரம்மை மாவோட தூக்கணுமா?': விளம்பரத்துக்கான வரி ரிவ்யூவிலேயே இருக்கு... எடுப்பது எப்படி?

டேபிள்டாப் கிரைண்டர் விளம்பரங்களில் அடிக்கடி கேட்கும் வார்த்தைகள் இவைதான்: சக்திவாய்ந்த மோட்டார், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டிரம், ஸ்டைலான டிசைன். ஆனால் அதே கிரைண்டரை ஆன்லைனில் பார்ப்பவர் கேட்கும் கேள்வி வேறு மாதிரி இருக்கும். "டிரம்மை மாவோட தூக்கணுமா? எங்க அம்மாவால முடியுமா?"

விளம்பர ஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கு இந்த மாதிரிக் கேள்விகள்தான் மூலப்பொருள். அதை எப்படிச் சேகரிப்பது? கோவையில் ஒருவர் 2 லிட்டர் கிரைண்டர் விற்கிறார் என்று வைத்துக்கொண்டு பார்க்கலாம்.

கேள்வி வேறு, ரிவ்யூ வேறு

இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கேள்வி கேட்பவர் இன்னும் பணம் கட்டவில்லை. எந்தப் பயம் அவரைத் தடுக்கிறது என்பது அவர் கேள்வியில் தெரியும். ரிவ்யூ எழுதுபவர் வாங்கிப் பயன்படுத்தியவர். அந்தப் பயம் உண்மைதானா என்பது அங்கே தெரியும். ஸ்கிரிப்ட்டின் முதல் வரி கேள்வியிலிருந்தும், பதில் ரிவ்யூவிலிருந்தும் வர வேண்டும்.

ரிவ்யூக்களில் முதலில் 2 முதல் 4 ஸ்டார் வரை படியுங்கள். 5 ஸ்டாரில் பெரும்பாலும் "சூப்பர்", "வொர்த்" என்று முடிந்துவிடும். 1 ஸ்டாரில் பாதி, மூடி உடைந்து வந்த பார்சல் கதை. நடுவில் இருப்பவர்தான் "மாவு நல்லா பொங்குது, ஆனா..." என்று இழுப்பார். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் வருவதுதான் நமக்கு வேண்டியது.

ஒரு எக்செல் ஷீட்டில் மூன்று கட்டம் போதும்: அவர் எழுதிய வாக்கியம், எந்த வேலையின்போது அந்தச் சிக்கல் வந்தது, யாருக்காக வாங்கினார். வாக்கியத்தைத் திருத்தவே கூடாது. "வழிச்சு எடுக்கறதுக்குள்ள போதும்னு ஆயிடுது" என்பதை 'மாவை வெளியேற்றுவது சிரமம்' என்று மாற்றி எழுதினால், உயிரே போய்விடும்.

எல்லாமே 'வெயிட்' இல்லை

ஷீட்டில் சுமார் 200 வரிகள் சேர்ந்ததும் ஒரே கவலைகளை ஒன்றாக அடுக்குங்கள். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். "ரொம்ப வெயிட்", "தூக்க முடியல", "முதுகு பிடிச்சுக்குது" என்று மூன்று வரிகள் இருந்தால், உடனே 'எடை' என்று தலைப்புப் போட்டுவிடுவார்கள். விளம்பரத்தில் 'எடை குறைவான கிரைண்டர்' என்று வந்துவிடும்.

இரண்டாவது கட்டத்தைப் பாருங்கள். மெஷின் மேடையிலேயே இருக்கிறது, அதை யாரும் தினமும் தூக்குவதில்லை. சிக்கல் வருவது மாவு ஆட்டி முடித்த பிறகு. கல்லை வெளியே எடுத்து, மாவோடு டிரம்மைத் தூக்கி, சாய்த்துப் பிடித்துக்கொண்டே வழிக்க வேண்டும். பிரச்சினை எடை இல்லை, அந்த ஒரு நிமிடம். ஸ்கிரிப்ட்டும் அங்கேயே தொடங்கட்டும்:

மகள்: நீங்க தூக்காதீங்கம்மா, நான் வர்றேன்.
அம்மா: தூக்கவே வேண்டாம்டி. லாக்கை எடுத்துச் சாய்ச்சாப் போதும்.

இது சாய்க்கும் வசதியுள்ள டில்டிங் மாடலுக்கு மட்டும்தான் பொருந்தும். சாதாரண மாடல் என்றால் இந்த வசனத்தைத் தொடவே முடியாது. தமிழில் 30 விநாடிக்கு நிதானமாகப் பேசினால் 50, 60 வார்த்தைகள்தான் அடங்கும். அதனால் ஒரு விளம்பரத்துக்கு ஒரு கவலை போதும். '150 வாட்ஸ்தானா? எங்க மிக்ஸியே 750 வாட்ஸ்' என்ற சந்தேகத்துக்கு (கல் மெதுவாகச் சுற்றி அரைக்கிறது, மிக்ஸி பிளேடு மாதிரி வேகம் தேவையில்லை) இன்னொரு விளம்பரம் எடுத்துக்கொள்ளலாம்.

எங்கே ஏமாறலாம்?

ஆன்லைன் தளங்களில் பல மாடல்களின் ரிவ்யூக்கள் ஒரே பக்கத்தில் கலந்திருக்கும். எந்த மாடல், எந்த தேதி என்று பார்க்காமல் எடுத்தால், நிறுத்தப்பட்ட பழைய மாடலின் குறைக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். ஒரே நாளில், ஒரே மாதிரி வார்த்தைகளில் வந்த 5 ஸ்டார்களையும் ஒதுக்கிவிடுங்கள். இன்னொன்று, வாங்காமலே போனவர் ரிவ்யூ எழுத மாட்டார். அவரைக் கடையில் நிற்கும் சேல்ஸ்மேனுக்குத்தான் தெரியும். எனவே அவரிடமும் கேளுங்கள்.

சட்டமும் இருக்கிறது. வாடிக்கையாளர் சொன்னதாக விளம்பரத்தில் காட்டும் கருத்து, அவருடைய உண்மையான, சமீபத்திய கருத்தாக இருக்க வேண்டும் என்கின்றன மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 வழிகாட்டுதல்கள். கவலையைப் பாத்திரத்தின் வசனமாக்குவது வேறு. நடிகரை நிறுத்தி 'நான் வாங்கினேன், அருமை' என்று சொல்லவைப்பது வேறு. நிஜ ரிவ்யூவைப் பெயரோடு காட்ட வேண்டுமானால், முதலில் எழுதியவரிடம் அனுமதி வாங்குங்கள்.

ஷீட்டில் 'சத்தம்' என்ற வரிசை நீண்டுகொண்டே போனால், அதற்குப் பதில் சொல்லும் ஒரு ரிவ்யூகூட இல்லையென்றால்? அப்போது அந்த ஷீட் போக வேண்டிய இடம் விளம்பர ஏஜென்சி இல்லை, ஃபேக்டரி.