பத்து மணி என்றால் எந்த ஊரில் பத்து?

நியூயார்க்கில் உள்ள ஒரு குழு செவ்வாய்தோறும் காலை 10 மணிக்கு இணையவழிக் கூட்டம் நடத்துகிறது, சென்னையிலிருந்து ஒருவர் அதில் கலந்துகொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2026 மார்ச் 3 அன்று அவருக்குக் கூட்டம் இரவு 8.30 மணிக்கு. அடுத்த செவ்வாயான மார்ச் 10 அன்று அதே கூட்டம் 7.30-க்கே தொடங்கிவிடும். கூட்டத்தின் நேரத்தை யாரும் மாற்றவில்லை. இடையில் வரும் ஞாயிறு, மார்ச் 8 அதிகாலையில், அமெரிக்கா தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துகிறது. இந்தியாவில் அந்த வழக்கம் கிடையாது.

அமெரிக்காவின் பெரும்பகுதியில் 2007 முதல் மார்ச் மாத இரண்டாம் ஞாயிறிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரை கோடைக்கால நேரம் நடப்பில் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், பலர் ஆண்டு முழுவதும் பழக்கத்தில் ‘10 AM EST’ என்றே எழுதுகிறார்கள். EST என்பது குளிர்கால நேரம். மார்ச் 10-ஆம் தேதிக் கூட்டத்துக்கு அதை எழுத்துப்படி கணக்கிட்டால் சென்னையில் இரவு 8.30 வரும். அனுப்பியவர் மனதில் இருப்பதோ 7.30. கணக்கை நம்பிக் காத்திருப்பவர் உள்ளே நுழையும்போது கூட்டம் முடிந்திருக்கலாம்.

அழைப்போடு வரும் கோப்பு இந்த இடத்தில் உதவும். `.ics` என்று முடியும் அந்தக் கோப்பு, 2009-இல் வெளியான RFC 5545 என்ற பொது விதிமுறைப்படி எழுதப்படுகிறது. அதை எழுத்துத் திருத்தியில் திறந்தால் இப்படி ஒரு வரி தெரியும்:

```
DTSTART;TZID=America/New_York:20260310T100000
```

இதில் நேர வித்தியாசம் எண்ணாக இல்லை; ஊர்தான் இருக்கிறது. அந்த ஊரில் அந்தத் தேதியில் எந்த நேரம் நடப்பில் இருக்கும் என்பதைக் காலண்டர் செயலி பார்த்து 7.30 என்று காட்டும். வரியின் கடைசியில் `Z` இருந்தால் அது உலகப் பொது நேரம். நம் நேரம் அறிய அதோடு ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். ஊரும் இல்லாமல் `Z`-உம் இல்லாமல் இருந்தால்தான் ஆபத்து. விதிமுறைப்படி அது ‘பார்ப்பவர் எங்கே இருக்கிறாரோ அங்கே பத்து மணி’. சென்னைச் செயலி காலை 10 என்றே காட்டும். எனவே மடலில் எழுதியிருக்கும் நேரமும் செயலி காட்டும் நேரமும் ஒத்துப்போகாவிட்டால், எதையும் ஊகிக்காமல் அனுப்பியவரைக் கேட்பதே சரி. நீங்களே கணக்கிடுவதானால் இன்றைய வித்தியாசத்தை எடுக்காதீர்கள். கூட்டம் நடக்கும் தேதியின் வித்தியாசத்தை எடுங்கள்.

இரண்டு இணைப்புகள்

அடுத்தது, எந்தக் கதவு வழியே நுழைவது என்பது. சில செயலிகள் கூட்டம் உருவாக்கும்போதே தாமாக ஓர் இணைப்பைச் சேர்த்துவிடும். நடத்துபவர் வேறொரு சேவையின் இணைப்பை விளக்கப் பகுதியில் ஒட்டியிருப்பார். பாதிப் பேர் ஓர் அறையிலும் மீதிப் பேர் இன்னொன்றிலும் காத்திருப்பது இப்படித்தான். இரண்டு இணைப்புகள் கண்ணில் பட்டால் எது என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

எதிர்பாராத அழைப்பானால் முகவரியையும் படிக்க வேண்டும். `https://` என்பதை அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால், கடைசியில் இருக்கும் பெயரே உண்மையான உரிமையாளரைச் சொல்லும். `https://meet.google.com.example.net/abc` என்பது கூகுளுடையது அல்ல, `example.net` உடையது.

போயே ஆக வேண்டுமா?

கோப்பில் ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு பங்கு குறிக்கப்படலாம். `REQ-PARTICIPANT` என்றால் வருகை அவசியம்; `OPT-PARTICIPANT` என்றால் விருப்பம். ஆனால் எதுவும் குறிக்காமல் விட்டால் ‘அவசியம்’ என்றே கொள்ள வேண்டும் என்பது விதி. ஆகவே ‘விருப்பம்’ என்ற குறியை நம்பலாம்; அதை யாரோ நினைத்துப் போட்டிருக்கிறார். ‘அவசியம்’ என்பது யோசித்து வைத்ததாகவும் இருக்கலாம், தொடாமல் விட்டதாகவும் இருக்கலாம். `RSVP=TRUE` என்பது இதிலிருந்து வேறு: வருவீர்களா என்று பதில் சொல்லுங்கள் என்பதே அதன் பொருள். வர விருப்பமில்லாதவரும் பதில் தர வேண்டும்.

நேரம், இணைப்பு, பங்கு மூன்றையும் ஒரே பதிலில் உறுதிசெய்துகொள்ளலாம்: “மார்ச் 10 செவ்வாய், நியூயார்க் காலை 10 மணி, சென்னை இரவு 7.30. விளக்கத்தில் உள்ள இணைப்பில் சேர்கிறேன். நான் ஏதாவது பேச வேண்டியிருக்கிறதா, கேட்டால் போதுமா?” இதில் ஏதாவது பிசகியிருந்தால், கூட்டத்துக்கு முன்பே அனுப்பியவர் திருத்திவிடுவார்.