ஆங்கிலக் கூட்டுவினையில் ஓர் இடைப்பிறவரல்

பூதப்பாண்டியிலிருந்து நாள்தோறும் பேருந்தேறி நம் வகுப்புக்கு வந்து பயின்ற மாணவர் ஒருவர், பட்டம் பெற்றபின் ஓரிடத்திற்கு நேர்முகத் தேர்வுக்குச் சென்றார். விண்ணப்பத்தை இறுதி நாள்வரை அனுப்பாமல் இருந்தது ஏன் என்று அங்கே ஆங்கிலத்தில் வினவினர். 'ஐ புட் ஆஃப் இட்' என்று தொடங்கினார் மாணவர். வினவியோர் ஒருவரையொருவர் நோக்கி நகைத்தனர். நகைத்த காரணத்தைக் கூறினார் இல்லை. அவர் நம்மிடம் வந்து, "ஐயா, நான் சொன்னதில் என்ன பிழை? அகராதியில் பார்த்துப் படித்த சொல்தானே?" என்று கேட்டார். மேடைத் தமிழால் நாட்டையே ஈர்த்த ஜீவா 1907-இல் பிறந்த ஊரின் பிள்ளை, நான்கு சிறு சொற்களால் தலைகுனிந்து நின்றது நமக்கு வருத்தமாகவே இருந்தது.

அவர் எடுத்த வினை சரி; காலமும் சரி. 'இட்' என்னும் சுட்டுப்பெயர் நின்ற இடம் மட்டுமே பிழை. 'ஐ புட் இட் ஆஃப்' என்றிருக்க வேண்டும். இப்பிழை அறியாமையால் வந்ததன்று, தமிழின் நெறியை அப்படியே பின்பற்றியதால் வந்தது என்பதே நம் கருத்து. அதனை விளக்கவே இக்கட்டுரை. ஆங்கிலத் தொடர்களைத் தமிழ் எழுத்திலேயே தந்துள்ளோம்; வாய்விட்டுப் படித்தால் இசை விளங்கும்.

'புட் ஆஃப்' என்பதற்கு நேரான தமிழ்ச்சொல் 'தள்ளிப்போடு'. 'தள்ளி' என்பது வினையெச்சம்; 'போடு' என்பது வினை. இரண்டும் கூடி ஒத்திவைத்தல் என்னும் ஒரே பொருளைத் தருகின்றன. செயப்படுபொருள் இவ்விரண்டுக்கும் முன்னே நிற்கும்: 'பயணத்தைத் தள்ளிப்போட்டான்', 'அதைத் தள்ளிப்போட்டான்'. பெயராயினும் சுட்டுப்பெயராயினும் இடம் மாறுவதில்லை. நடுவே நுழைத்தால் என்னாகும்? 'கட்டிலைத் தள்ளி அதை முற்றத்தில் போட்டான்' என்றால் கூட்டு உடைந்துவிடும். தள்ளுதல் ஒரு செயல், போடுதல் மற்றொரு செயல் என இரண்டாகிவிடும். நன்னூலார் எச்சத்திற்கும் அதன் முடிபுக்கும் இடையே ஏற்ற பிறசொற்கள் வரலாம் என்று இடைப்பிறவரலுக்கு இசைவு தந்தார். ஆயினும் இரு வினை ஒருபொருளாய் இறுகியபின் அந்த வாயில் ஏறத்தாழ மூடிக்கொள்கிறது. 'தள்ளித்தான் போட்டான்' எனத் தேற்றச்சொல் நுழையலாம். 'தள்ளி அதைப் போட்டான்' என்று ஒத்திவைத்தற் பொருளில் எவரும் சொல்லார். கூட்டுவினையைப் பிளந்தால் பொருள் கெடும் என்பது தமிழ் பேசுவோர் நாவில் ஊறிய அறிவு. நம் மாணவர் 'புட்', 'ஆஃப்' இரண்டையும் பிரிக்க அஞ்சியது இவ்வறிவினாலேயே. ஆங்கிலமோ இங்கே இடைப்பிறவரலைக் கட்டாயமாக்குகிறது.

காலம் காட்டும் முறையிலும் இரு மொழிகளும் கண்ணாடியில் தெரியும் உருவங்கள் போல் எதிரெதிராய் நிற்கின்றன. தமிழில் முன் உறுப்பாகிய 'தள்ளி' மாறாது. பின் உறுப்பே தள்ளிப்போட்டான், தள்ளிப்போடுகிறான், தள்ளிப்போடுவான் எனக் காலம் ஏற்கும். ஆங்கிலத்தில் முன் உறுப்பாகிய வினை காலம் ஏற்கும். பின் நிற்கும் 'ஆஃப்' இடைச்சொல்லைப் போல் என்றும் மாறாது. 'பிக் அப்' என்பதன் இறந்தகாலத்தைப் 'பிக் அப்ட்' என்று எழுதிய விடைத்தாளை நாம் திருத்தியதுண்டு. 'பிக்ட் அப்' என்பதே சரி. தமிழின் வழக்கப்படி கடைசி உறுப்பில் காலத்தைச் சேர்த்திருக்கிறார், அவ்வளவே.

'புட்' என்னும் வினையில் மேலும் ஓர் இடர் உண்டு. அதன் இறந்தகால வடிவமும் 'புட்' தான். 'தே புட் இட் ஆஃப்' என்றால் ஒத்திவைக்கிறார்களா, ஒத்திவைத்தார்களா என்பது அருகிலுள்ள காலச்சொல்லால்தான் விளங்கும். படர்க்கை ஒருமையில் மட்டும் 'ஹி புட்ஸ் இட் ஆஃப்' என நிகழ்காலம் தனித்துத் தெரியும். மற்றவை எளியன: 'ஹி இஸ் புட்டிங் இட் ஆஃப்', 'ஹி ஹேஸ் புட் இட் ஆஃப்', 'ஹி வில் புட் இட் ஆஃப்', 'ஹி டிட் நாட் புட் இட் ஆஃப்'. முன்னே எத்தனை துணைவினை வந்து நின்றாலும், 'இட்' மட்டும் வினைக்கும் 'ஆஃப்' என்பதற்கும் நடுவிலேயே இருப்பதைக் காண்க.

இனிப் பெயர்ச்சொல் வரும்போது என்ன நிகழ்கிறது என்று பார்ப்போம். பூதப்பாண்டிக் கோயிலைக் காண நம் மாணவர்கள் ஒரு பயணம் வகுத்தனர். ஐப்பசி மழை அதைத் தடுத்தது என்று கொள்வோம். 'வி புட் ஆஃப் தி டிரிப்' என்றும் சொல்லலாம். 'வி புட் தி டிரிப் ஆஃப்' என்றும் சொல்லலாம். சென்ற மாதமே முடிவுசெய்த பூதப்பாண்டிப் பயணம் என்று பெயர் நீண்டுவிட்டால், 'ஆஃப்' வினையை ஒட்டியே வருவது நன்று; இல்லையேல் கேட்பவர் அந்த 'ஆஃப்' எப்போது வருமென்று காத்துக் களைத்துவிடுவார். 'இட்' வந்தாலோ இரண்டாம் வழியே இல்லை.

காரணம் ஒலியழுத்தத்தில் இருக்கிறது. ஆங்கில வாக்கியத்தின் இறுதியிடம் பொதுவாகக் கனமான, புதிய செய்திக்கு உரியது. 'இட்' என்பது முன்பே சொன்ன ஒன்றைச் சுட்டும் மெலிந்த சொல். அதன்மேல் அழுத்தம் விழுவதில்லை. 'ஆஃப்' என்பதோ அழுத்தம் தாங்குவது. எனவே மெலிந்தது உள்ளே ஒடுங்க, வலியது இறுதியில் நிற்கிறது. 'அவனையன்று, அவளையே' என்பதுபோல் ஒன்றை மறுத்து மற்றொன்றை ஊன்றிச் சொல்லும்போது சுட்டுப்பெயரே அழுத்தம் பெற்று அரிதாக இறுதிக்கு வருவதுண்டு. மாணவர் அதை இப்போதைக்கு மறந்துவிடலாம்.

இவ்வளவும் பிரியத்தக்க கூட்டுவினைக்கு உரியவை. 'லுக் ஆஃப்டர்' போன்றவை பிரியா. 'ஷி லுக்ஸ் ஆஃப்டர் ஹிம்' என்பதே சரி; 'லுக்ஸ் ஹிம் ஆஃப்டர்' என்பது வழு. எது பிரியும், எது பிரியாது என்று அறிய நாம் கையாளும் சோதனை ஒன்றுண்டு. முதலில் பெயரை நடுவில் வைத்துப் பார்க்க வேண்டும். 'புட் தி டிரிப் ஆஃப்' நிற்கிறது. 'லுக் தி சைல்ட் ஆஃப்டர்' நிற்கவில்லை. பெயர் நடுவில் நிற்குமாயின், சுட்டுப்பெயர் நடுவில் நின்றே தீரும்.

ஒரே வடிவம் இரு பக்கமும் சேர்வதும் உண்டு. தாடகை மலைமேல் ஒருவன் ஓடி ஏறினால் 'ஹி ரான் அப் தி ஹில்'. கடையில் கடன் ஏற்றினால் 'ஹி ரான் அப் எ பில்'. கேட்பதற்கு ஒன்றே போலிருக்கும். சுட்டுப்பெயரை இட்டவுடன் வேறுபாடு வெளிப்படும்: மலைக்கு 'ரான் அப் இட்', கடனுக்கு 'ரான் இட் அப்'. முன்னதில் 'அப்' மலையைச் சார்ந்தது. பின்னதில் அது வினையோடு கூடியது. இன்னும், அதே 'புட்' பொறுத்துக்கொள்ளுதல் என்னும் பொருளில் 'புட் அப் வித்' என மூன்று உறுப்பாய் வரும்போது சுட்டுப்பெயர் இறுதிக்கே செல்லும்: 'வி புட் அப் வித் இட்'. செயப்பாட்டு வினையில் இச்சிக்கலே எழாது. 'இட் வாஸ் புட் ஆஃப்' எனச் சுட்டுப்பெயர் எழுவாயாகி முன்னே போய்விடும்.

இவற்றையெல்லாம் ஒரு மாலைப்பொழுதில் அம்மாணவருக்கு எடுத்துரைத்தோம். சில மாதங்கள் கழித்து அவரிடமிருந்து அஞ்சலட்டை ஒன்று வந்தது. வேறோரிடத்தில் வேலைக்கு முயல்வதாகவும், அங்குள்ளோர் நாளை வா, மறுவாரம் வா என்று அலைக்கழிப்பதாகவும் தமிழில் எழுதி, அடியில் ஒரே ஒரு வரியை ஆங்கிலத்தில் சேர்த்திருந்தார்: 'தே ஹேவ் புட் மி ஆஃப் ட்வைஸ்.' 'மி' தனக்குரிய இடத்தில் இருந்தது.