குட்டைப் பக்கம் எந்தத் திசையில்?

பாலத் தூணின் தலையில், கர்டர் வந்து உட்காரும் இடத்தில், கறுப்பாக ஒரு ரப்பர் கட்டை இருக்கும். எலாஸ்டோமெரிக் பியரிங் என்பது அதன் பெயர். வேலைத்தளத்தில் கேட்டால் நியோப்ரீன் பேட் என்பார்கள், அல்லது வெறும் பேட். 250 மி.மீ. அகலமும் 400 மி.மீ. நீளமும் கொண்ட ஒரு பேடை எடுத்துக்கொள்வோம். எஃகு வடங்களை இழுத்துப் பூட்டிய 25 மீட்டர் கான்கிரீட் கர்டரின் ஒரு முனையை அது தாங்கப் போகிறது. நீளமான 400 மி.மீ. பக்கம் கர்டரின் போக்கிலேயே இருக்க வேண்டுமா, குறுக்கே இருக்க வேண்டுமா? இரண்டு விதமாகவும் அது உட்காரும். இரண்டிலும் சுமை தாங்கும் பரப்பு ஒன்றுதான். ஆனால் ஒரு விதம் சரி, மற்றது தவறு.

சுமையிலிருந்து தொடங்குவோம். கர்டர், மேல்தளம், தார் எல்லாம் சேர்ந்து இந்த முனையில் 55 டன். கனரக வாகனங்கள் நிறைந்து நிற்கும்போது 90 டன். ஓரங்களில் 6 மி.மீ. ரப்பர் உறையைக் கழித்துவிட்டால், உள்ளே உண்மையில் வேலை செய்யும் பரப்பு 238க்கு 388 மி.மீ. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 97 கிலோ விழுகிறது. இந்தியச் சாலைப் பேராயத்தின் 1987ஆம் ஆண்டு விதித்தொகுப்பு இதற்கு வைத்த எல்லை 10 மெகாபாஸ்கல், அதாவது கிட்டத்தட்ட 100 கிலோ. பரப்பு போதும்.

ஆனால் ரப்பரை அமுக்கினால் அதன் கன அளவு குறைவதில்லை. அது பக்கவாட்டில் பிதுங்கித்தான் வழிவிடும். 30 மி.மீ. தடிமனுள்ள ஒரே ரப்பர் கட்டியை இந்தச் சுமைக்குக் கீழே வைத்தால், கணக்குப்படி 10 மி.மீ. அளவுக்கு அமுங்கும், ஓரங்கள் பிதுங்கிக் கிழியும். அதே ரப்பரை 10 மி.மீ. அடுக்குகள் மூன்றாகப் பிரித்து, நடுவிலும் மேலும் கீழும் 3 மி.மீ. எஃகுத் தகடுகளைச் சூட்டில் ஒட்டவைத்தால் 1.2 மி.மீ. மட்டுமே அமுங்கும். தகடு ரப்பரைப் பிடித்துக்கொள்வதால் அது வெளியே ஓட இடமில்லை. அடுக்கின் மொத்தப் பரப்பை, பிதுங்கக்கூடிய சுற்றோரப் பரப்பால் வகுத்துவரும் எண்ணை வடிவக் காரணி என்கிறார்கள். நம் பேடுக்கு அது 7.4. இறுக்கம் இந்த எண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அடுக்கு மெலிய மெலிய விறைப்பு வேகமாக ஏறுகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், தகடுகள் கிடைவாட்டு அசைவைத் தடுப்பதே இல்லை என்பது. சீட்டுக்கட்டைப் பக்கவாட்டில் தள்ளினால் சாய்கிறதல்லவா, அப்படி ரப்பர் முழு உயரத்துக்கும் சாய்ந்து கொடுக்கும். செங்குத்தாக விறைப்பு, கிடையாக நெகிழ்வு. இரண்டையும் தனித்தனியே அளவு போட முடிகிறது.

அந்தச் சாய்வு எவ்வளவு தேவை? கான்கிரீட் ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் ஒரு மி.மீ.யின் ஆயிரத்தில் 12 பங்கு நீளும், சுருங்கும். 20 டிகிரி மாறினால் 25 மீட்டரில் அது 6 மி.மீ. கான்கிரீட் உலர்ந்து சுருங்குவதும், வடத்தின் இழுவையில் மெல்ல மெல்லக் குறுகுவதும் வேறு இருக்கின்றன. பேடின் மேல் கர்டரை இறக்கிய பிறகு இவற்றுக்கு இன்னொரு 7.5 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். கர்டரின் இரு முனைகளிலும் ஒரே மாதிரி பேட்கள் இருப்பதால் மொத்தம் பாதியாகப் பிரிகிறது. ஒவ்வொரு முனைக்கும் 6.75 மி.மீ. அசைவு. ரப்பர் தன் உயரத்தில் 0.7 பங்குக்கு மேல் சாயக் கூடாது என்பது விதி. வாகனங்கள் பிரேக் பிடிக்கும்போது வரும் தள்ளலுக்கு அதில் 0.16 ஒதுக்கினாலும், வெப்ப அசைவுக்கு 12.5 மி.மீ. ரப்பர் போதும்.

12.5 மி.மீ.தான்! ஒரே ஓர் அடுக்கும் மேல்கீழ் உறையும் போதுமே, மூன்று அடுக்கு எதற்கு? பேட் என்றாலே வெயிலுக்கு நீள்வதற்குத்தான் என்று பலர் நினைப்பதால், இந்தக் கேள்வியிலேயே கணக்கை நிறுத்திவிடும் ஆபத்து உண்டு. இந்த நீளக் கர்டரில் உயரத்தைத் தீர்மானிப்பது வெயில் இல்லை, முனையின் திருப்பம்.

பாரம் ஏறும்போது கர்டரின் நடு தொய்கிறது. முனை அதற்கேற்பத் திரும்புகிறது. நடுவில் 12.5 மி.மீ. தொய்ந்தால் முனையில் மீட்டருக்கு 1.6 மி.மீ. சரிவு. அதைவிடப் பெரியது வேலைத்தளத்தில் வரும் பிழை. கர்டரின் அடிப்பாகமும் பேட் அமரும் மேடையும் கண்ணாடிபோல் இணையாக அமைவதில்லை. அமெரிக்க விதிகள் இதற்கென்றே மீட்டருக்கு 5 மி.மீ. சரிவைக் கணக்கில் சேர்க்கச் சொல்கின்றன. இரண்டும் சேர்ந்து மீட்டருக்கு 7 மி.மீ. என்று கொள்வோம்.

குட்டைப் பக்கம் கர்டரின் போக்கில் இருந்தால், 238 மி.மீ.யில் இரு ஓரங்களுக்கும் உயர வித்தியாசம் 1.67 மி.மீ. ஒரு பக்கம் கூடுதலாக நசுங்கும், மறுபக்கம் தூக்கிக்கொள்ளப் பார்க்கும். தூக்காமலிருக்க, பேட் சராசரியாக அமுங்கும் அளவு இந்த வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்காவது, அதாவது 0.56 மி.மீ. இருக்க வேண்டும். வண்டியே இல்லாத 55 டன்னில் ஓர் அடுக்கு 0.25 மி.மீ. அமுங்குகிறது. இரண்டு அடுக்கென்றால் 0.50, போதாது. மூன்றென்றால் 0.75, போதும். மூன்று அடுக்கு வந்தது இப்படித்தான். மேலும் கீழும் 5 மி.மீ. உறையும் நான்கு தகடுகளும் சேர்த்து மொத்த உயரம் 52 மி.மீ. இதற்கு மேல் அடுக்கிக்கொண்டே போகவும் கூடாது. ரப்பரின் உயரம் குட்டைப் பக்கத்தின் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் பேட் நிலைகுலையும். நமக்கு ரப்பர் மட்டும் 40 மி.மீ., எல்லை 50.

இதே பேடைத் திருப்பி வையுங்கள். கர்டரின் போக்கில் இப்போது 388 மி.மீ. ஓர வித்தியாசம் 2.7 மி.மீ., அதில் மூன்றில் ஒரு பங்கு 0.91. பேட் அமுங்குவதோ அதே 0.75. ஓரம் திறந்துவிடும். நசுங்கும் பக்கத்தில் திருப்பத்தால் ரப்பருக்கு வரும் வலி, பக்க நீளத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், இரண்டரை மடங்குக்கும் மேலாகிறது. சுமைக் கணக்கு இதைக் காட்டாது, வெப்பக் கணக்கும் காட்டாது. அதனால்தான் வரைபடத்தில் பேடின் அளவோடு எந்தப் பக்கம் கர்டரின் போக்கு என்று அம்புக்குறி போட்டே தீர வேண்டும் என்கிறேன்.

திசை சரியாக இருந்தாலும் இன்னொரு தவறு அனைத்தையும் கெடுத்துவிடும். ஏற்றமான சாலையில், 100 மீட்டருக்கு 2 மீட்டர் உயரும் சரிவில், கர்டரின் சாய்ந்த அடியை அப்படியே சமதளப் பேடின் மேல் இறக்கினால் மீட்டருக்கு 20 மி.மீ. திருப்பம் முதல் நாளே வந்துவிடும். நாம் ஒதுக்கியது மொத்தமே 7. கர்டரின் அடியில் ஆப்பு வடிவக் கான்கிரீட்டோ, சரிவாகச் செதுக்கிய எஃகுத் தகடோ வைத்து அந்த இடத்தை மட்டமாக்கிய பிறகே இறக்க வேண்டும்.

தூண் தலைக்கு ஏறிப் போய்ப் பார்க்கும்போது, நல்ல பேடின் பக்கச் சுவரில் அடுக்குக்கு ஒன்றாகச் சிறு பிதுக்கங்கள் ஒரே இடைவெளியில் தெரியும். ஒரு பிதுக்கம் மட்டும் பெரிதாக இருந்தால் உள்ளே தகடு ஒட்டு விட்டிருக்கலாம். பிறகு, பாலத்தில் வண்டி இல்லாத நேரத்தில் ஒரு மெல்லிய இரும்புத் தகட்டை நான்கு ஓரங்களிலும் பேடுக்கும் கான்கிரீட்டுக்கும் இடையில் நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் ஓரம் திறந்திருக்கிறது. எவ்வளவு ஆழம் போகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். சாய்வையும் அளந்து, அன்றைய தேதியையும் வெப்பத்தையும் பக்கத்தில் எழுத வேண்டும். நம் பேட் எல்லாம் சேர்ந்தும் 18 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது. 35 டிகிரி சாய்ந்திருந்தால் அது 0.7 எல்லையைத் தொட்டுவிட்டது. ஜாக்கி வைத்துக் கர்டரைச் சில மி.மீ. தூக்கி, பேடை விடுவித்து மறுபடி அமர்த்தவோ மாற்றவோ வேண்டும்.