தண்ணீரை எதிரே வரவழைப்பவன்

திம்புக்துவில் வாழ்ந்த அகமது பாபாவிடமிருந்து 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் மொராக்கோப் படை பறித்துக்கொண்டது 1,600 நூல்கள். தம் உறவினர்களுள் தம்மிடம்தான் நூல்கள் குறைவு என்று அவர் சொன்னாராம். அந்த ஊரின் ஏடுகளில் பல வடக்கிலிருந்து ஒட்டக முதுகில் சகாராவைக் கடந்து வந்தவை. அந்த வழியில் ஏட்டையும் அறிஞரையும் உயிரோடு கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு தொழிலாளி இருந்தான். அவனுக்கு ‘தக்‌ஷிஃப்’ என்று பெயர். மசூஃபா என்னும் பாலைவன இனத்தவன்.

அவன் வேலையை எழுதிவைத்தவர் இபுன் பதூதா. டெல்லியில் நீதிபதியாக இருந்து, மதுரைக்கும் வந்துபோனவர்; ஊர் ஊராய் அலைந்து களைத்த சட்ட அறிஞர். 1352இல் சிஜில்மாசாவிலிருந்து வணிகச் சாத்தோடு தெற்கே கிளம்பினார். 25 நாளில் தகாசா. உப்புப் பாளங்களால் வீடு கட்டிய ஊர் அது. அதன்பின் பத்து நாள் தண்ணீர் கிடைப்பது அரிது.

அடுத்து தாசரஹ்லா என்ற நீர்நிலை. அங்கே சாத்து மூன்று நாள் தங்கும். தோல்பைகளின் ஓட்டை அடைத்து, நீர் நிரப்பி, மேலே முரட்டுச் சாக்குத் துணியைச் சேர்த்துத் தைப்பார்கள். ஏனென்றால் தோல் வழியே கசியும் நீரை வறண்ட காற்று ஓயாமல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பை கிழியாவிட்டாலும் நீர் குறையும்.

எவ்வளவு கட்டினாலும், பாலையின் மறுகரையில் சாத்து போய்ச் சேரவேண்டிய வலாத்தா ஊர்வரை அந்த நீர் போதாது. இங்கேதான் தக்‌ஷிஃப் தேவைப்படுகிறான். வணிகர்கள் கொடுக்கும் கடிதங்களோடு தன்னந்தனியாக அவன் முந்திப் போவான். வலாத்தாவில் உள்ளவர்கள் கடிதம் கண்டதும் தண்ணீர் ஏற்றிக்கொண்டு நான்கு இரவுப் பயணத் தொலைவு எதிரே வருவார்கள். வழியில் அவன் செத்தால் சாத்து வருவதே அந்த ஊருக்குத் தெரியாது. பின்னால் வருகிறவர்களில் பெரும்பாலோர் மடிவார்கள். இபுன் பதூதாவின் சாத்து அவனுக்குக் கொடுத்த கூலி 100 மித்கால் பொன், அதாவது நானூறு கிராமுக்கும் மேல். அதை நான் அதிகம் என்று சொல்லமாட்டேன்.

அந்த நிலத்தில் தடம் என்று எதுவும் கிடையாது. இன்று இங்கே மலைபோல் நிற்கும் மணலை நாளை காற்று வேறிடத்தில் குவித்திருக்கும். ஆகவே மணல்மேட்டை அடையாளம் வைப்பவன் தொலைவான். சாத்தோடு கூடவே வந்த வழிகாட்டிக்கு ஒரு கண் குருடு, மற்றொன்றில் நோய். ஆனாலும் அவனைவிட வழி அறிந்தவர் யாருமில்லை என்கிறார் இபுன் பதூதா.

வழி தவறினால் என்ன ஆகும் என்பதையும் அவர் நேரில் பார்த்தார். வேறொரு சாத்திலிருந்து பிரிந்துபோன ஒருவன் சிறு மரத்தடியில் செத்துக் கிடந்தான். உடுப்பு கலையவில்லை, சாட்டை கையிலேயே இருந்தது. தண்ணீர் ஒரு மைல் தொலைவில்.

தாசரஹ்லாவை விட்டபின் ஏழாம் நாள் இரவு, இருட்டுக்குள் தூரத்தில் தீ தெரிந்தது. தண்ணீரோடு எதிர்கொள்ள வந்தவர்கள் மூட்டிய தீ. தக்‌ஷிஃப் போய்ச் சேர்ந்துவிட்டான்.